நீங்கள் விற்கும் நாளில் ஊழியர்களையும் விற்க விடுங்கள்

அன்புள்ள ஸ்டார்ட்அப் நிறுவனர்களே, போர்டில் அவர்களோடு அமர்ந்திருக்கும் முதலீட்டாளர்களே,

உங்களில் பலர் அடுத்த ரவுண்டுக்கான பேச்சில் இருக்கிறீர்கள். சிலருக்கு டெர்ம் ஷீட் கைக்கு வந்திருக்கும். அதில் கம்பெனியின் கணக்கில் வந்து சேரும் புதுப் பணம் ஒரு வரியில் இருக்கும். ஏற்கெனவே யாரோ வைத்திருக்கும் பழைய பங்குகளை வாங்குவதற்கென்று ஒதுக்கிய தொகை இன்னொரு வரியில் இருக்கும். செகண்டரி என்று நீங்கள் சொல்லும் அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இந்த மடல்.

உங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு கம்பெனி செக்ரட்டரியாக இருப்பவன் நான். உங்கள் தீர்மானங்களை எழுதுகிறேன், ஈசாப் ஏடுகளைப் பராமரிக்கிறேன், வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அவர்களுடைய ஆப்ஷன் கணக்கைக் கடிதமாக அனுப்புகிறேன். அந்த இரண்டாவது வரி எப்படி எழுதப்படுகிறது என்பதையும், அதில் யார் பெயர் விட்டுப்போகிறது என்பதையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலும் ஆரம்பகால முதலீட்டாளர் ஒருவர் தன் பங்கில் ஒரு பகுதியை விற்பார். நிறுவனர்களும் கொஞ்சம் விற்பார்கள். ஊழியர்களுக்கு அந்த ரவுண்டைப் பற்றித் தெரிவதே மறுநாள் செய்தித்தாளில்தான்.

நீங்கள் விற்பதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பல ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் ஓட்டியிருக்கிறீர்கள். வீட்டை அடமானம் வைத்தவர்கள் உங்களில் உண்டு. சொத்து முழுவதும் ஒரே கம்பெனியின் பங்காகக் கிடக்கும்போது மனிதனுக்குத் தூக்கம் வராது. அதனால்தான் முதலீட்டாளர்களும், ‘கொஞ்சம் கையில் எடுத்துக்கொள், அப்போதுதான் நிம்மதியாகப் பெரிய முடிவுகளை எடுப்பாய்’ என்று சொல்லி உங்கள் விற்பனைக்குச் சம்மதிக்கிறார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் இதில் எந்தக் காரணம் உங்கள் ஊழியருக்குப் பொருந்தாது? அவரும் வேறு இடத்தில் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தைக் குறைத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்தார். ஆஃபர் லெட்டரில் சம்பளத்துக்குக் கீழே இருந்த ஆப்ஷன் எண்ணிக்கையைக் காட்டி, ‘இதையும் சேர்த்துப் பாருங்கள்’ என்று சொன்னது உங்கள் எச்.ஆர். தான்.

‘ஐபிஓ வரட்டும், எல்லோரும் சேர்ந்து சம்பாதிப்போம்’ என்கிறீர்கள். சென்னையில் 2010ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் அப்போது சொன்னார். அந்தக் கதையை ஆள் எடுக்கும்போது நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். ஆனால் அதற்கு 11 ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டு காத்திருந்து வெற்றி கண்ட கம்பெனி அது. 2022ல் 2,200 கோடி டாலர் மதிப்பு பேசப்பட்ட பைஜூஸ் 2024ல் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. அதில் போட்ட முதலீட்டின் மதிப்பைப் பூஜ்யம் என்று புரோசஸ் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. ஆப்ஷனை மட்டும் நம்பி அங்கே காத்திருந்தவருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காத்திரு என்று சொல்கிறவர், காத்திருப்பதில் இருக்கும் ஆபத்தைத் தன் வரைக்கும் பாதியாகக் குறைத்துக்கொண்ட பிறகு சொல்கிறார் என்பதுதான் என் மனத்தாங்கல்.

ஊழியருக்கு இதில் எங்கே இடிக்கிறது என்பதை ஒரே ஒருவரின் கணக்கை வைத்துச் சொல்கிறேன். அவர் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம். கணக்கு புரிய எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

அவர் சாஃப்ட்வேர் எஞ்சினியர். நான்கு ஆண்டுகளில் 3,000 ஆப்ஷன்களும் முழுதாக வெஸ்ட் ஆகிவிட்டன. எக்சர்சைஸ் விலை ஆப்ஷனுக்கு ₹50. சம்பளம் ஆண்டுக்கு 26 லட்சம். அப்பாவின் உடல்நிலையால் ஊருக்குப் பக்கத்திலேயே வேலை தேடிக்கொண்டு ராஜினாமா செய்தார். உங்கள் ஈசாப் திட்டங்கள் பலவற்றில் இருக்கும் அதே விதி அங்கும் இருந்தது: விலகிய 90 நாட்களுக்குள் எக்சர்சைஸ் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஆப்ஷன் காலாவதி. மெர்ச்சன்ட் பேங்கர் சான்றிட்ட மதிப்பு அப்போது பங்குக்கு ₹700.

அவர் முதலில் கட்ட வேண்டியது 3,000 பங்குக்கு ₹50 வீதம் ₹1,50,000. அதைப் புரட்டிவிடலாம். அடுத்தது வரி. ₹700க்கும் ₹50க்கும் உள்ள வித்தியாசமான ₹650ஐ வருமான வரிச் சட்டம் சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாகக் கணக்கிடுகிறது. 3,000 பங்குக்கு அது ₹19,50,000. அவர் ஏற்கெனவே 30 சதவீத அடுக்கில் இருக்கிறார். செஸ் சேர்த்தால் 31.2 சதவீதம். வரி மட்டும் ₹6,08,400. ஆக மொத்தம் ₹7,58,400 கொடுத்தால்தான் பங்கு அவர் பெயருக்கு வரும். ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராத ‘வருமானத்துக்கு’ ரொக்கமாகக் கட்டும் வரி இது. அந்தப் பங்கை வெளியில் விற்கவும் வழியில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ் பங்கு மாற்றத்தைக் கட்டுப்படுத்தும். போர்டின் சம்மதம் வேண்டும்.

பிளாஸ்டிக் ஃபைலில் கிராண்ட் லெட்டரை வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். கணக்கைக் கேட்டுவிட்டு, “சார், இந்தப் பங்க அடமானமா வச்சா பேங்க்ல லோன் தருவாங்களா?” என்று கேட்டார். பட்டியலிடாத கம்பெனியின் பங்கைச் சாதாரண வங்கிக் கிளை தொடாது என்றேன். “அப்போ என் சொந்தச் சேமிப்பப் போட்டு வரி கட்டணும். கம்பெனி கவுந்துட்டா அதுவும் போச்சு. அப்படித்தானே சார்?” அப்படித்தான். 90 நாள் கழிந்தது. 3,000 ஆப்ஷன்களும் பூலுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தன. ஓராண்டு முடிவதற்குள் அந்தக் கம்பெனியின் அடுத்த ரவுண்டு நடந்தது. நிறுவனர்கள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை ₹1,000 வீதம் விற்றார்கள். ஊழியர் யாருக்கும் விற்க வாய்ப்பில்லை.

வரியைத் தள்ளிப்போட 2020 பட்ஜெட்டில் ஒரு சலுகை வந்ததே என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். வந்தது உண்மை. ஆனால் அமைச்சகங்களுக்கு இடையிலான குழு சான்றளித்த ஸ்டார்ட்அப்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அதிலும், வேலையை விட்ட நாளிலேயே தள்ளிப்போட்ட வரி கட்டவேண்டியதாகிவிடும். 90 நாள் கடிகாரத்தோடு வெளியேறுகிறவருக்குத்தான் அந்தச் சலுகை அதிகம் தேவை. அவருக்கு அது கிடைக்காது.

இதே ஊழியர் வேலையில் இருந்தபோது, ₹700 விலையில் கம்பெனி ஒரே ஒரு விற்பனை வாய்ப்பைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். வெஸ்ட் ஆனதில் மூன்றில் ஒரு பங்கை விற்கலாம் என்று வரம்பு வைத்தாலும் போதும். அவர் 1,000 ஆப்ஷனை எக்சர்சைஸ் செய்து அதே நாளில் முதலீட்டாளருக்கு விற்கிறார். எக்சர்சைஸ் தொகையும் வரியும் விற்ற பணத்திலிருந்தே பிடிக்கப்படுகின்றன. அவர் கையிலிருந்து எதுவும் போடவில்லை. ₹650 வீதம் ₹6,50,000. அதில் வரி ₹2,02,800. கைக்கு வருவது ₹4,47,200. மீதி 2,000 ஆப்ஷனைப் பங்காக மாற்றிக்கொள்ள எக்சர்சைஸ் தொகை ₹1,00,000, வரி ₹4,05,600, ஆக ₹5,05,600. விற்ற பணம் போக அவர் தன் சேமிப்பிலிருந்து சேர்க்க வேண்டியது ₹58,400 மட்டும். ஏழரை லட்சம் கேட்ட இடத்தில் அறுபதாயிரத்துக்கும் குறைவு. வேலையை விட்டுப் போயிருந்தாலும் 2,000 பங்குக்குச் சொந்தக்காரராகப் போயிருப்பார்.

இந்தக் கணக்கைத்தான் உங்கள் கண்ணில் பட வைக்க விரும்புகிறேன். செகண்டரி என்றால் ஊழியர் பங்கை விற்றுவிட்டுக் கம்பெனியோடு உறவை முடித்துக்கொள்வார் என்று போர்டுகளில் பேசப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நடப்பது வேறு. கொஞ்சம் விற்க முடிந்தவரால்தான் மீதியை வைத்துக்கொள்ள முடிகிறது. விற்கவே முடியாதவர் முழுவதையும் இழக்கிறார், அல்லது 90 நாள் விதிக்குப் பயந்து விருப்பமில்லாமல் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அப்படி ஒட்டிக்கொண்டிருப்பவர் உங்கள் கம்பெனிக்கு என்ன தந்துவிடப் போகிறார்?

அடுத்தது விலை. ஊழியர்களுக்கு விற்க வாய்ப்புத் தரும் சில கம்பெனிகளிலும் ரவுண்டின் விலையைவிடக் குறைத்தே தருகிறார்கள். காரணம் கேட்டால், முதலீட்டாளர் வாங்குவது முன்னுரிமைப் பங்கு, ஊழியருடையது சாதாரண ஈக்விட்டி என்று பதில் வரும். பதில் சரிதான். கம்பெனி குறைந்த விலைக்கு விற்கப்பட்டால் முன்னுரிமைப் பங்குக்காரர் தான் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார், மிஞ்சினால்தான் ஈக்விட்டிக்கு. எனவே ஈக்விட்டி கொஞ்சம் மலிவாக இருப்பதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் நிறுவனர்களே, நீங்கள் விற்பதும் அதே ஈக்விட்டிதான். கேப் டேபிளில் உங்கள் பெயரும் ஊழியரின் பெயரும் ஒரே வகைப் பங்குக்கு எதிரில்தான் இருக்கின்றன. முன்னுரிமைப் பங்கு என்ற வாதம் முதலீட்டாளருக்கும் ஊழியருக்கும் இடையிலான வித்தியாசத்தை விளக்கும். உங்களுக்கும் ஊழியருக்கும் இடையிலான வித்தியாசத்தை விளக்காது. ஒரே ரவுண்டில் உங்கள் பங்கு ₹1,000க்கும் ஊழியரின் பங்கு ₹800க்கும் போனால், அந்த ₹200 அவரிடமிருந்து எடுக்கப்பட்ட தொகை. தள்ளுபடி வேண்டும் என்று முதலீட்டாளர் பிடிவாதம் பிடித்தால், எல்லா ஈக்விட்டிக்கும் ஒரே தள்ளுபடி என்று ஒத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கொஞ்சம் குறையும். ஊழியர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

முதலீட்டாளர்கள் எழுப்பும் ஒரு ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். செகண்டரி அதிக விலையில் நடந்தால், அடுத்த மதிப்பீட்டில் மெர்ச்சன்ட் பேங்கர் அந்த விலையைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. மதிப்பு ஏறினால், அதற்குப் பிறகு எக்சர்சைஸ் செய்கிற ஒவ்வொருவருக்கும் வரியும் ஏறும். உண்மை. ஆனால் நிறுவனர் ₹1,000க்கு விற்ற விற்பனையும் அதே மதிப்பீட்டாளர் முன்னால்தான் இருக்கும். வரி ஏற்றத்தைச் சுமப்பது ஊழியர், விற்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கு இல்லை என்றால் இரண்டு பக்கமும் அடி. இதற்கு வழி, மதிப்பு ஏறும் முன்பே எக்சர்சைஸ் செய்ய ஊழியர்களுக்கு முன்னறிவிப்பு தருவதும், விற்பனை நாளிலேயே வரியை விற்ற பணத்தில் பிடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்வதும்தான். ஊழியர்களை வெளியே நிறுத்துவது வழியாகாது.

முன்னாள் ஊழியர்களுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். ஆப்ஷனைச் சிரமப்பட்டு எக்சர்சைஸ் செய்து, வரியும் கட்டி, பங்குதாரராக வெளியே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொந்தக் காசைப் போட்டவர்கள். ஆனால் வாய்ப்பு திறக்கும்போது கடிதம், ‘தற்போது பணியில் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்று தொடங்குகிறது. தக்கவைப்பதுதான் இதன் நோக்கம் என்று நீங்கள் சொல்வீர்கள். அப்படியென்றால் அது போனஸ், அதற்கு அந்தப் பெயரையே வையுங்கள். வெஸ்ட் ஆன ஆப்ஷன் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான கூலி. முதல் தயாரிப்பை எழுதிவிட்டு மூன்றாம் ஆண்டில் போனவர், அவருக்குப் பின்னால் சேர்ந்தவரைவிடக் குறைந்த உரிமை உள்ளவர் என்பது எந்தக் கணக்கு?

முன்னாள் ஊழியர்களைச் சேர்ப்பது நடைமுறையில் முடியாத காரியமும் அல்ல. அமெரிக்காவின் ஸ்ட்ரைப் 2024 பிப்ரவரியில் 6,500 கோடி டாலர் மதிப்பில் டெண்டர் ஆஃபர் அறிவித்தபோது இந்நாள், முன்னாள் ஊழியர்கள் இரு தரப்புக்கும் என்றே அறிவித்தது. அடுத்த ஆண்டு 9,150 கோடி டாலர் மதிப்பில் நடத்தியதிலும் அப்படியே. இங்கேயும் ஃபோன்பே பிரிந்துபோனதால் குறைந்த மதிப்புக்கு ஈடாக 2023ல் பிளிப்கார்ட் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் 43.67 டாலர் கொடுத்தபோது விலகிப்போனவர்களுக்கும் கொடுத்தது. முகவரிகள் உங்களிடம் இருக்கின்றன. பங்குதாரர் பதிவேடு என் மேசையில்தான் இருக்கிறது. ஒரு நாள் வேலை.

அந்தப் பிளிப்கார்ட் தொகை இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. அது சம்பளத்தோடு சேர்ந்த வருமானமா, வரிக்கு உட்படாத மூலதன வரவா என்று வழக்கு வந்தது. 2024ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அது வரிக்குரிய சலுகை என்று தீர்ப்புச் சொன்னார். ஒரே கம்பெனி, ஒரே தொகை. பெரிய கம்பெனியின் பணம் வாங்கியவரே வரிக்காக நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது என்றால், உங்கள் ஊழியர் எந்த வழியில் பணம் பெறுகிறார் என்பதை நீங்கள் முன்கூட்டி எழுதித் தரத்தான் வேண்டும்.

ஏனென்றால் வழிகள் மூன்று இருக்கின்றன, மூன்றுக்கும் வரி வேறு. ஆப்ஷனை அப்படியே பிறருக்கு மாற்ற கம்பெனிச் சட்ட விதிகள் இடம் தரவில்லை. எனவே ஊழியர் எக்சர்சைஸ் செய்து பங்காக்கி முதலீட்டாளருக்கு விற்கலாம். நான் மேலே போட்ட கணக்கு அந்த வழிக்கு உரியது. அல்லது கம்பெனி ஆப்ஷனை ரத்துசெய்து தன் பணத்திலிருந்து தொகை கொடுக்கலாம். அதைச் சம்பளமாகக் கருதித்தான் கம்பெனி வரி பிடிக்கும். அல்லது 68ஆம் பிரிவின்படி கம்பெனியே பங்கைத் திரும்ப வாங்கலாம். இந்த மூன்றாவதில்தான் ஊழியர் அடிபட்டார். 2024 அக்டோபர் 1 முதல் பைபேக்கில் கிடைக்கும் முழுத் தொகையையும் டிவிடெண்டாகக் கருதி வரி போடும் விதி வந்தது. ₹650க்கு ஏற்கெனவே வரி கட்டி ₹700 மதிப்பில் பங்கை வாங்கியவர், அதையே ₹700க்குக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தால், அந்த விதியின் கீழ் மறுபடியும் முழு ₹700க்கும் வரி கட்ட வேண்டியிருந்தது. அவர் செலவிட்டது மூலதன நஷ்டமாக எழுதப்பட்டது. பின்னால் வேறு மூலதன லாபம் வந்தால்தான் அது உதவும். இந்த விதிகள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுபவை. அதனால்தான் எந்த வழி, எந்தத் தேதியின் சட்டம் என்பதைக் கடிதத்திலேயே எழுதச் சொல்கிறேன்.

ஆனால் நான் பார்க்கும் கடிதங்களில் என்ன இருக்கிறது? விலை, எத்தனை ஆப்ஷன் வரை விற்கலாம், கையெழுத்துப் போட வேண்டிய கடைசித் தேதி. வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் வந்து திங்கள் இரவோடு முடிகிற வாய்ப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் டெண்டர் ஆஃபர் குறைந்தது 20 வேலை நாட்கள் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே 68ஆம் பிரிவின் பைபேக்குக்கு 15 முதல் 30 நாள் என்று விதி இருக்கிறது. ஆப்ஷனை ரத்துசெய்து பணம் தரும் வழிக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு நாள் கடிதங்கள் பிறப்பது இந்த இடைவெளியில்தான். சட்டம் கேட்காததால் நீங்கள் கொடுக்காமல் இருக்க வேண்டுமா? விற்கிறவருக்குத் தெரியாமல் வாங்குகிறவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது. முதலீட்டாளர் உங்கள் மூன்றாண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார். ஊழியருக்கு வருமானம் எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும், முன்னுரிமைப் பங்குக்காரர்களுக்கு முதலில் போகவேண்டிய தொகை எவ்வளவு என்று எதுவும் தெரியாது. கடைசியாகச் சொன்ன அந்த ஒரு எண் தெரிந்தாலே விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவரால் முடிவெடுக்க முடியும். கம்பெனியில் போடப்பட்டது 600 கோடி என்றும், அது விற்றால் 500 கோடிக்குத்தான் போகும் என்றும் தெரிந்தால், தன் பங்குக்கு அப்போது ஒன்றும் மிஞ்சாது என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

ரகசியம் வெளியே போய்விடுமே என்பீர்கள். ரகசியம் காக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்; உங்கள் சோர்ஸ் கோடையே அவர்களை நம்பித்தானே கொடுத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டெர்ம் ஷீட்டில் கையெழுத்தான பிறகு செகண்டரி தொகையில் யாருக்கும் இடம் பண்ண முடியாது. அதற்குள் யார் எவ்வளவு விற்பது என்று பேசி முடித்துவிடுவார்கள். அப்புறம் ஊழியர்களைச் சேர்க்கச் சொன்னால் ‘அடுத்த ரவுண்டில் பார்க்கலாம்’ என்றுதான் பதில் வரும். எனவே பேச்சு தொடங்கும் முன்பே போர்டில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். நிறுவனரோ இயக்குநரோ தன் ஈக்விட்டியை விற்கும் எந்த ரவுண்டிலும், வெஸ்ட் ஆன ஆப்ஷன் உள்ளவர்களும், எக்சர்சைஸ் செய்து பங்கு வைத்திருக்கும் இந்நாள், முன்னாள் ஊழியர்களும் அதே விலையில், நிறுவனர் தன் கையிருப்பில் எத்தனை சதவீதம் விற்கிறாரோ குறைந்தது அத்தனை சதவீதம் விற்கலாம் என்று அதில் இருக்கட்டும். விற்க முன்வருபவர்கள் அதிகமாகித் தொகை போதவில்லை என்றால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையுங்கள், உங்கள் பங்கையும் சேர்த்து. 20 வேலை நாட்கள் அவகாசம் கொடுங்கள். கடிதத்தில் வழி எது, வரி எவ்வளவு பிடிக்கப்படும், முன்னுரிமைப் பங்குகளுக்கு முதலில் போகும் தொகை எவ்வளவு என்ற மூன்றும் இருக்கட்டும். எக்சர்சைஸ் தொகையையும் வரியையும் விற்ற பணத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அதே கூட்டத்தில் 90 நாள் விதியையும் எடுத்துக்கொண்டு, நான்கு ஆண்டு வேலை செய்தவருக்கு அதைச் சில ஆண்டுகளாக நீட்டித்துத் தாருங்கள். ஈசாப் திட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்தி, பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றினால் முடிந்துவிடும் வேலை அது.

போர்டில் இருக்கும் முதலீட்டாளர்களே, இது உங்கள் கையிலும் இருக்கிறது. நிறுவனரின் விற்பனைக்கு உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் முன், ‘ஊழியர்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது?’ என்று கேளுங்கள்.

தீர்மானத்தின் வரைவை உங்கள் கம்பெனி செக்ரட்டரியிடம் கேட்டால் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். அடுத்த போர்டு கூட்டத்துக்கு நோட்டீஸ் போகும்போது, ரவுண்டு பற்றிய விஷயத்துக்கு முந்தைய விஷயமாக அது நிகழ்ச்சி நிரலில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு கம்பெனி செக்ரட்டரி,
சென்னை